மொட்டமாடி அழுக்கு தொட்டிக்குள்ள போகாம இருக்க ஒரு ஆறு இஞ்ச் பைப்பும் ஒரு பந்தும்

தூத்துக்குடியில எங்க ஏரியா போர் தண்ணி கடல் தண்ணிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், டிடிஎஸ் மீட்டரை முக்குனா 3000-ஐ தாண்டி ஓடும். அதனால மழைத் தண்ணிக்குன்னே தனியா 6000 லிட்டர் தரைத்தொட்டி ஒண்ணு வீடு கட்டுறப்பவே கட்டியாச்சு, மாடியில இருந்து வர்ற நாலு இஞ்ச் பைப்பை நேரா அதுக்குள்ள இறக்கி விட்டு வாய்ல ஒரு கொசுவலைய கட்டி வச்சிருந்தோம். ரெண்டு வருஷம் அப்படியே ஓடுச்சு. மூணாவது வருஷம் கோடையில தொட்டி கழுவ உள்ள இறங்குனா, கால் பெருவிரல் முங்குற அளவுக்கு கருப்பா சேறு, அதுல புறா இறகு, வேப்பங்கொட்டை, பெயின்ட் செதில், எங்க பையன் தொலைச்ச ஒரு கோலிக்குண்டு. இந்தத் தண்ணியிலதான் அம்மா ரெண்டு வருஷமா சாம்பார் வச்சிட்டு இருந்தாங்கன்னு நினைச்சா ஒரு மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த அக்டோபருக்குள்ள மாடிய கழுவிட்டு வர்ற முதல் மழைத் தண்ணிய தொட்டிக்கு விடாம ஒதுக்குற வேலைய பண்ணிடணும்னு.

இதுல பெரிய விஞ்ஞானம் எல்லாம் இல்ல. எங்க ஆச்சி ஊர்ல மழை வந்தா நாலு கம்பு நட்டு வெள்ளை வேட்டிய கட்டி, நடுவுல ஒரு கல்லைப் போட்டு, கீழ அண்டாவ வச்சுப் பிடிப்பா. ஆனா மழை ஆரம்பிச்ச உடனே கட்ட மாட்டா, கால் மணி நேரம் திண்ணையில உக்காந்து பாத்துட்டுதான் எந்திரிப்பா. அந்தக் கால் மணி நேரத்தைத்தான் ஆள் இல்லாம பைப்பே பண்ணணும், அவ்வளவுதான் வேலை. மாடியில இருந்து இறங்குற பைப்ல T எழுத்து மாதிரி மூணு வாய் இருக்குற ஒரு டீ போட்டு, நேரா கீழ ஒரு அடைச்ச பைப்ப தொங்க விடணும். முதல்ல வர்ற அழுக்குத் தண்ணி அதுல விழுந்து நிறையும், நிறைஞ்ச பிறகுதான் மேல வர்ற தண்ணி டீயோட பக்கவாட்டு வாய் வழியா தொட்டிக்குப் போகும். அடைச்ச பைப்போட அடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், மழை விட்டப்புறம் அது சொட்டிச் சொட்டி காலியாகி அடுத்த மழைக்கு ரெடியாயிடும்.

எல்லாரும் தப்பு பண்ற இடம் அந்த அடைச்ச பைப் எவ்வளவு தண்ணி பிடிக்கணும்ங்கறதுலதான். நானும் பண்ணுனேன். முதல்ல மிச்சம் கெடந்த நாலு இஞ்ச் பைப்ல நாலு அடி வெட்டி மாட்டுனேன், பாக்க ஜம்முன்னு இருந்துச்சு. நாலு இஞ்ச் பைப் ஒரு மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் பிடிக்கும், அப்போ என்னோடது மொத்தமே பத்து லிட்டர். மாடிக்கு பத்து லிட்டர்ங்கறது தரை நனையக்கூட பத்தாது.

கணக்கு ரொம்ப சுலபம், ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். பொதுவா சொல்ற அளவு சதுர மீட்டருக்கு அரை லிட்டர்ல இருந்து ரெண்டு லிட்டர் வரைக்கும், அதாவது முதல் அரை மில்லிமீட்டர்ல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் மழைய வெளிய விடணும். கூரை சுத்தமா சரிவா இருந்தா அரை போதும், மரம் புறா தூசி எல்லாம் இருந்தா மேல போகணும். எங்க மாடி 900 சதுர அடி, அதாவது 84 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர்னு வச்சாலே 84 லிட்டர் ஒதுக்கணும், அதுக்கு ஆறு இஞ்ச் பைப்லயே நாலரை மீட்டர் தேவை, எங்க வீட்டுச் சுவர்ல அதுக்கு இடமே கிடையாது.

இங்கதான் மாடிய நல்லா உத்துப் பாத்தேன். தண்ணி இறங்க ரெண்டு பைப், முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணு, நடுவுல லேசா மேடா இருக்கறதால பாதி பாதியா பிரியுது. பின்பக்கப் பாதியிலதான் பக்கத்து வீட்டு வேப்பமரம் சாஞ்சு நிக்குது, ஓவர்ஹெட் டேங்க்கும் அங்கதான், அந்த டேங்க்குக்கு அடியிலதான் புறா குடும்பம் நடத்துது. முன்பக்கம் கிட்டத்தட்ட வெறும் தரை, அம்மா வடாம் காயப்போடுற இடம். அப்போ எதுக்கு ரெண்டையும் பிடிக்கணும்? பின்பக்கப் பைப்ப நேரா உறைகெணத்துக்கு திருப்பி விட்டுட்டு முன்பக்க 42 சதுர மீட்டரை மட்டும் தொட்டிக்கு எடுத்துக்கிட்டேன். எங்க ஊர்ல வருஷத்துக்கு சுமாரா 600 மில்லிமீட்டர் சொச்சம் பெய்யும், நனைஞ்சது தெறிச்சது ஒதுக்குனது எல்லாம் கழிச்சு எண்பது பெர்சென்ட் வந்தாக்கூட 20,000 லிட்டர், ஆறாயிரம் லிட்டர் தொட்டிக்கு அது தாராளம். பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில ஒரேயடியா பெய்யறதுதான், ரெண்டு பாதியையும் சேத்துப் பிடிச்சாலும் தொட்டி வழிஞ்சு வீணாத்தான் போயிருக்கும்.

42 சதுர மீட்டருக்கு ஆறு இஞ்ச் பைப்ல ரெண்டு மீட்டர் போட்டா, மீட்டருக்கு 18 லிட்டர்ங்கற கணக்குல 36 லிட்டர், அதாவது 0.85 மில்லிமீட்டர். இது போதுமான்னு காகிதத்துல பாத்து சொல்ல முடியாது, அதனால பைப் வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு சோதனை பண்ணுனேன். யாரு பண்ணுனாலும் இத முதல்ல பண்ணுங்க, செலவே இல்ல. முன்பக்க பைப்ப தொட்டியில இருந்து கழட்டிட்டு, வருஷத்தோட முதல் மழை வந்தப்ப குடையும் கையுமா நின்னு இருபது லிட்டர் வாளிய மாத்தி மாத்தி வச்சு, ஒவ்வொரு வாளியில இருந்தும் ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் எடுத்து நம்பர் எழுதி வரிசையா திண்ணையில வச்சேன். அம்மா உள்ள இருந்து ஏல சளி பிடிக்கப்போவுதுன்னு கத்திட்டே இருந்தாங்க.

முதல் வாளி கட்டங்காப்பி கலர், டிடிஎஸ் 390. மழைத் தண்ணிக்கு 390-ஆன்னு யோசிக்காதீங்க, கடல் காத்துல வர்ற உப்பும் உப்பளத்துப் பக்கத்துப் புழுதியும் எட்டு மாசமா மாடியில படிஞ்சு கெடக்கு, அதுதான் கரைஞ்சு வருது. ரெண்டாவது வாளி வெளிர் டீ கலர், 170. மூணாவது லேசா கலங்கல், 80. நாலாவது கண்ணுக்குத் தெளிவு, 55. ஆறாவது வாளி 30, அதுக்கப்புறம் பெருசா குறையல. அப்போ முதல் ரெண்டு வாளியிலதான் அசல் அழுக்கு, அதாவது நாப்பது லிட்டர். நாலு நாள் கழிச்சு பெஞ்ச மழையிலயும் இதே மாதிரி பிடிச்சேன், அதுல முதல் வாளியே 90 தான், ரெண்டாவது 40. 36 லிட்டர் சாதாரண நாளுக்கு தாராளம், வருஷத்தோட முதல் மழைக்கு மட்டும் பத்தாது, அதுக்கு வேற ஒரு வழி வச்சேன், பின்னாடி சொல்றேன். டிடிஎஸ் மீட்டர் கரைஞ்ச உப்பைத்தான் காட்டும், கிருமிய காட்டாது, எங்க ஊர்ல உப்பும் அழுக்கும் சேந்தே வர்றதால அடையாளத்துக்கு உதவுது. உள்நாட்டு ஊர்னா மீட்டர் பெருசா ஆடாது, பாட்டிலோட கலரையும் அடியில தங்குற மண்ணையும்தான் நம்பணும்.

இன்னொண்ணு. சரிவான ஓட்டுக்கூரை மாதிரி மொட்டமாடி சடார்னு கழுவிவிடாது, தூரத்து மூலையில இருக்குற அழுக்கு மெதுவா ஊர்ந்து வரும், குழி இருந்தா அங்கயே தங்கி அடுத்த மழைக்கு வரும். தூறலா பெஞ்சா இன்னும் மோசம், அந்தத் தண்ணிக்கு அழுக்கை இழுக்குற தெம்பு கிடையாது, ஆனா பைப்ப மட்டும் நெறச்சு வச்சிரும், பின்னாடியே அடிச்சு ஊத்துற மழை வந்தா மொத்த அழுக்கும் நேரா தொட்டிக்கு. இதுக்கு எந்தப் பைப்பும் முழு மருந்து கிடையாது, புரட்டாசியில ஒரு தடவ மாடிய தென்னை வெளக்கமாத்தால நல்லா பெருக்குறதுதான். நான் பெருக்குனப்ப முன்பக்கத்துல மட்டும் ஒரு சிமெண்ட் சாக்குல கால்வாசி மண்ணு வந்துச்சு.

இப்ப பைப் வேலை. டீ நாலு இஞ்ச், அதோட கீழ் வாய்ல சின்ன நாலு இஞ்ச் துண்டு, அதுக்குக் கீழ நாலு இஞ்சையும் ஆறு இஞ்சையும் இணைக்குற ரெடியூசர் பெரிய வாய் கீழ பாக்க, அதுக்கு அடியில ரெண்டு மீட்டர் ஆறு இஞ்ச் பைப், கடைசியில எண்ட் கேப். ஆறு இஞ்ச் பைப்புக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பந்து மிதக்கும். பைப் நிறைய நிறைய பந்து மேல ஏறி, ரெடியூசரோட நாலு இஞ்ச் வாய்ல போய் உக்காந்து மூடிக்கும். பந்து இல்லாமலும் ஓடும், ஆனா மேல இருந்து விழுற தண்ணி அடிக்குற வேகத்துல உள்ள இருக்குற அழுக்க கலக்கி பக்கவாட்டுல தள்ளிவிட்டுரும், பந்து இருந்தா அது நடக்காது. சொட்டு ஒழுகாம அடைக்கணும்னு இல்ல, கலங்காம இருந்தாலே போதும்.

பந்து எவ்வளவு பெருசுன்னா ஆறு இஞ்ச் பைப்புக்குள்ள தாராளமா ஏறி இறங்கணும், நாலு இஞ்ச் ஓட்டைக்குள்ள போகக்கூடாது, அப்போ அஞ்சு இஞ்ச். டென்னிஸ் பால் ரொம்ப சின்னது, அதோட தண்ணிய குடிச்சு கனத்துப் போகும். பனிமய மாதா கோயில் திருவிழா கடையில காத்தடிச்ச பொம்மை பந்து வரிசையா தொங்கும்ல, அதுல ஒண்ண அளவு டேப் வச்சு அளந்து வாங்குனேன், கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு.

ரெடியூசர்லதான் ஒரு நாள் போச்சு. ஹார்டுவேர் கடை அண்ணாச்சி எடுத்துக் குடுத்தது ஓட்டை ஒரு ஓரமா ஒதுங்கி இருக்குற வகை, கழிவுநீர் லைன்ல அடியில தண்ணி தேங்காம இருக்க அப்படித்தான் செய்வாங்க. அதுல பந்து போய் உக்காந்தா ஒரு பக்கம் சுவர்ல முட்டிக்கிட்டு பிறை நிலா மாதிரி ஒரு இடைவெளி தெரியுது. "அண்ணாச்சி, ஓட்டை நடுவுல இருக்குறது வேணும்"னேன். "தண்ணிக்கு நடுவுல என்ன ஓரத்துல என்ன தம்பி, எல்லாம் கீழதான போவப்போவுது"ன்னாரு. பந்தை பையில இருந்து எடுத்து அதுக்குள்ள வச்சுக் காட்டுனேன், ரெண்டு நிமிஷம் அதையே திருப்பித் திருப்பி பாத்துட்டு, "உள்ள பந்து போட்டா வெளாடப் போறீரு"ன்னு சிரிச்சுக்கிட்டே குடோன்ல தேடி நடுஓட்டை ரெடியூசர் ஒண்ணு எடுத்துட்டு வந்தாரு. ஒட்டுறப்ப சால்வென்ட் உள்பக்கம் வழிஞ்சு கட்டிதட்டுனா பந்து சரியா உக்காராது, காயறதுக்கு முன்னாடி துணியால துடைச்சு, காஞ்சப்புறம் உப்புத்தாள் வச்சு ஒரு இழு இழுத்துருங்க.

முதல் தடவ எண்ட் கேப்பையும் சால்வென்ட் போட்டு ஒட்டிட்டேன், அதுதான் இந்த வேலையில நான் பண்ணுன பெரிய முட்டாள்தனம். அடியில ஒரு மில்லிமீட்டர் டிரில் பிட் வச்சு ஓட்டை போட்டிருந்தேன், மெதுவா சொட்டட்டும் தண்ணி வீணாகாதுன்னு நினைப்பு. ரெண்டாவது மழைக்கே மண்ணு அடைச்சிருச்சு. அது எனக்குத் தெரியாது, வெளிய இருந்து பாத்தா பைப் பைப்பாத்தான் இருக்கு. ஒரு வாரம் கழிச்சு நல்ல மழை, பைப் ஏற்கனவே நிறைஞ்சு நிக்கறதால முதல் அழுக்கு மொத்தமும் எந்தத் தடையும் இல்லாம தொட்டிப் பக்கம் போயிருச்சு, அன்னைக்கு சாயந்தரம் தொட்டி மூடிய திறந்தா மேல வேப்பிலை மிதக்குது. அப்பதான் பைப்ப விரல் முட்டியால தட்டிப் பாத்தேன். மேல இருந்து கீழ வரைக்கும் டொப்பு டொப்புன்னு அடைச்ச சத்தம். காலியா இருந்தா டங்குன்னு பானை மாதிரி கேக்கும். தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு சத்தம் மாறுற இடத்துல கை வச்சே சொல்லிடலாம். ஓட்டையில குண்டூசிய விட்டுக் குத்துனா முட்டை அழுகுன நாத்தத்தோட கருப்பா பீச்சி அடிச்சுது, சட்டையே போச்சு. கேப் ஒட்டியிருக்கறதால உள்ள சேத்த எடுக்க வழியில்ல, ஹாக்ஸா பிளேடால பைப்பையே அறுத்து எறிய வேண்டியதாப் போச்சு.

ரெண்டாவது தடவ மாத்துனது ரெண்டு விஷயம். ஒண்ணு, எண்ட் கேப்ப ஒட்டல, ரப்பர் ரிங் வச்சு அழுத்தி மாட்டுற வகை வாங்கி, ரிங்ல கொஞ்சம் சோப்பு தடவி ஏத்தி, கேப்புக்கு அடியில ரெண்டு பக்கமும் செங்கல் வச்சு முட்டுக் குடுத்துட்டேன். பைப் நிறைஞ்சா 36 கிலோ, பைப்போட கனம் தனி, முட்டு இல்லாட்டி ரிங் கேப் நடு மழையில கழண்டு விழுந்துரும், சுவர்ல மூணு இடத்துல கிளாம்பும் வேணும். கிளாம்ப் ஸ்க்ரூ பூச்சுல மட்டும் பிடிக்காம செங்கல் வரைக்கும் உள்ள போகணும்.

ரெண்டாவது, ஓட்டைய அடிமட்டத்துல வைக்கல. கேப்புக்கு நடுவுல அரை இஞ்ச் டேங்க் நிப்பிள் போட்டு, உள்பக்கம் மூணு இஞ்ச் உயரத்துக்கு ஒரு சின்ன துண்டு பைப் நிக்க வச்சு, அதோட தலையில ஸ்டீல் டீ வடிகட்டியோட வலைய கட் பண்ணி சுத்தி செம்புக் கம்பியால கட்டுனேன். மண்ணு எல்லாம் அந்த மூணு இஞ்ச் பள்ளத்துல தங்கும், தண்ணி அதுக்கு மேல இருந்து வடியும். நிப்பிளுக்கு வெளிய ஒரு எல்போ போட்டு, செங்கலுக்கு நடுவுல வெளிய கொண்டுவந்து, மரையுள்ள அரை இஞ்ச் மூடி ஒண்ண டெஃப்லான் டேப் சுத்தி திருகி, அந்த மூடியில மூணு மில்லிமீட்டர் ஓட்டை. பைப் முழுசா இருக்குறப்ப ஒரு லிட்டர் மக்கு நாப்பது செகண்ட்ல நிறையுது, முழு பைப்பும் காலியாக முக்கால் மணி நேரம். மழை பெய்யுற வரைக்கும் அது பாட்டுக்கு நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் வீணாகத்தான் செய்யும். ரெண்டு மணி நேரம் பெஞ்சா 180 லிட்டர், நல்ல மழையில மாடியில இருந்து ஆயிரக்கணக்குல வர்றப்ப அது போனா போகட்டும், கீழ வாழைக்கன்னுக்குத்தான் போகுது. ரெண்டு மில்லிமீட்டர் ஓட்டைன்னா காலியாக ஒன்னே முக்கால் மணி நேரம் ஆகும், வீணாவதும் பாதிக்கும் கீழ வந்துரும், ஆனா எங்க புழுதிக்கு அது அடைக்கும்னு நான் வைக்கல.

வருஷத்தோட முதல் மழைக்குச் சொன்ன வழியும் இந்த மூடிதான். புரட்டாசி கடைசியில அந்த மூடிய முழுசா கழட்டி வச்சிருவேன். அரை இஞ்ச் வாய் வழியா நிமிஷத்துக்கு 25 லிட்டருக்கு மேல போகும், நம்ம பாதி மாடிக்கு அது நல்ல கனமழையோட மொத்த தண்ணி, அதனால தொட்டிப் பக்கம் கிட்டத்தட்ட ஒண்ணுமே போகாது. முதல் மழை நல்லா கழுவி விட்டப்புறம் போய் மூடிய திருகிட்டு வந்தா போதும். மறந்தா என்ன ஆகும்? ஒரு மழை மொத்தமா வாழைக்குப் போகும், எனக்கு அப்படி ஒரு தடவ போயிருக்கு.

அடுத்து ஃபில்டர். டீயோட பக்க வாய்ல இருந்து லேசான சாய்வா ஒரு பைப், அது 200 லிட்டர் நீல டிரம்முல விழுது, டிரம் மூணு அடி மேடையில நிக்குது, அடியில இருந்து ரெண்டு இஞ்ச் பைப் தொட்டிக்கு. எல்லாரும் சொல்ற மாதிரி கீழ ஜல்லி, மேல ஆத்து மணல், நடுவுல அடுப்புக்கரின்னு அடுக்குனேன். தெளிவா கண்ணாடி மாதிரி தண்ணி வந்துச்சு, ஒரு மெதுவான மழைக்கு. அடுத்த வாரம் ராத்திரி அடிச்சு ஊத்துனப்ப டிரம் விளிம்பு வழியா அருவி மாதிரி கொட்டி முற்றம் முழுக்க தண்ணி, தொட்டியில ரெண்டு இஞ்ச்கூட ஏறல. அடுப்புக்கரி மணலைக் கிழிச்சுக்கிட்டு மேல வந்து மிதந்துட்டு இருந்துச்சு.

காலையில அளந்து பாத்தேன். இருபது லிட்டர் வாளிய டிரம்முல ஊத்தி கீழ எவ்வளவு நேரத்துல வருதுன்னு கடிகாரத்த பாத்தா நாலு நிமிஷம், அதாவது நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர். மணிக்கு 40 மில்லிமீட்டர் வேகத்துல பெய்யுற மழைக்கு 42 சதுர மீட்டர்ல இருந்து நிமிஷத்துக்கு 28 லிட்டர் வரும். அஞ்சு எங்க 28 எங்க. பொடி மணல் நல்லா வடிகட்டும்ங்கறது உண்மைதான், ஆனா அதுக்கு இந்த டிரம் மாதிரி ஆறு டிரம் அகலம் வேணும். எல்லா மணலையும் அள்ளிக் கொட்டிட்டு, ஜன்னல் கொசுவலையில சலிச்சு கீழ விழுறத விட்டுட்டு மேல நிக்குற கெட்டி மணலை மட்டும் எடுத்தேன், ஒண்ணுல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் சைஸ் இருக்கும். எம்சாண்ட் பக்கம் போகல, அதுல பாறைப்பொடி நிறைய வரும். மணலை வாளியில போட்டு கையால கிண்டி கிண்டி கலங்கல் தண்ணிய ஊத்தி ஊத்தி, பத்து பன்னிரெண்டு தடவ கழுவுனப்புறம்தான் தெளிஞ்சுது. கழுவாம போட்டா முதல் ரெண்டு மழைக்கு மணல்தான் தொட்டிக்குப் போகும்.

இப்ப அடியில முக்கா இஞ்ச் ஜல்லி ஒரு சாண், அதுக்கு மேல நைலான் வலை, அதுக்கு மேல கெட்டி மணல் ஒரு சாண், அவ்வளவுதான், கரி கிடையாது. அடுப்புக்கரி கொஞ்ச நாள் வாடைய எடுக்கும், அப்புறம் அதுவே அழுக்குக் கூடு, மாத்திட்டே இருக்க எனக்கு பொறுமை இல்ல. மணலுக்கு மேல டிரம் வாய்ல ஒரு பிளாஸ்டிக் பழக்கூடைய கவுக்காம நிமிர்த்தி வச்சு உள்ள கொசுவலை விரிச்சேன், இலையும் இறகும் அதுலயே நிக்கும், தண்ணியும் நேரா மணல்ல விழுந்து குழி பறிக்காது. டிரம் விளிம்புக்கு நாலு விரல் கீழ ஒரு மூணு இஞ்ச் வழிவாய் போட்டு உறைகெணத்துக்கு விட்டாச்சு, இனி முற்றம் குளமாகாது. இப்ப அதே வாளி சோதனையில இருபது லிட்டர் இருபது செகண்டுக்குள்ள இறங்குது. மாசம் ஒரு தடவ இத பண்ணி, ஒரு நிமிஷத்துக்கு மேல போனா மேல் மணல அரை இஞ்ச் வழிச்சு கழுவிப் போடுறேன். அந்த அரை இஞ்ச்லதான் எல்லா சவ்வும் இருக்கும், கையில எடுத்தா சாணி மெழுகுன தரைய பேத்த மாதிரி தட்டையா வரும், அதுக்குக் கீழ மணல் புதுசாவே இருக்கும்.

இவ்வளவு பண்ணியும் இந்தத் தண்ணி அப்படியே குடிக்கிற தண்ணி இல்ல. கெட்டி மணல் மண்ணையும் இலையையும் பிடிக்கும், புறா எச்சத்துல இருக்குற கிருமிய அது பிடிக்காது. நாலைஞ்சு மழைக்கு அப்புறம் தொட்டித் தண்ணிய எச்2எஸ் பாட்டில்ல பிடிச்சு வச்சுப் பாத்தேன், தண்ணியில மலக்கழிவு கிருமி இருந்தா கருத்துப் போகும்ல அந்தச் சின்ன பாட்டில்தான், ஒன்றரை நாள்ல கருப்பாயிருச்சு. பின்பக்க புறாவுங்க முன்பக்கம் வரமாட்டோம்னு எழுதிக் குடுக்கலையே. அதனால குடிக்கவும் சமையலுக்கும் கொதிக்க வச்ச தண்ணிதான், கொதிக்க வச்சத அதே பாட்டில்ல பிடிச்சா மூணு நாள் ஆனாலும் கருக்கல. தொட்டிக்குள்ள விழுற பைப்பையும் அடி வரைக்கும் இறக்கி கடைசியில வாய மேல பாக்கத் திருப்பி ஒரு எல்போ வச்சேன், விழுற தண்ணி அடிச் சேத்தை கிளறாம இருக்க. மோட்டார் உறிஞ்சுற இடமும் அடியில இருந்து ஒரு அடி மேல.

2023 டிசம்பர்ல பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி மழைக்கு இது எதுவும் பேச முடியாது. அப்ப இந்த அமைப்பு கிடையாது, தெருத் தண்ணி தொட்டி மூடி வழியா உள்ள இறங்கிருச்சு. இந்த வேலையோட வேலையா மூடிய ரெண்டு அடி உசத்தி கட்டிட்டேன், அவ்வளவுதான் பண்ண முடிஞ்சுது.

இந்த வருஷம் கோடையில கேப்ப கழட்டுனேன். மூணு இஞ்ச் பள்ளம் முழுக்க கருப்பு களிமண் மாதிரி, ரெண்டு கை அள்ளு வந்துச்சு, முன்னாடின்னா இது தொட்டியில கெடந்திருக்கும். பள்ளத்துல தேங்குற ஒன்றரை லிட்டர் தண்ணியில கொசு முட்டை வைக்கும், அதனால மழைக்காலம் முடிஞ்சதும் கேப்ப கழட்டி காயவச்சே மாட்டணும். தொட்டிக்குள்ளயும் இறங்கிப் பாத்தேன், அடியில லேசா மாவு தூவுன மாதிரி ஒரு படலம், வெளக்கமாத்தால தள்ளுனா போதுமா இருந்துச்சு. பந்துதான் ஏமாத்திருச்சு, வெயில்ல பைப்புக்குள்ளயே வெந்து காத்து இறங்கி வாடிய தக்காளி மாதிரி அடியில கெடந்துச்சு. கேப் கழட்டுற மாதிரி இருந்ததால அஞ்சு நிமிஷத்துல புதுசு போட்டாச்சு. மாதா கோயில் திருவிழாவுல இந்தத் தடவ மூணு பந்து வாங்கி வச்சிருக்கேன், அதுல ஒண்ண பையன் ஏற்கனவே எடுத்துட்டுப் போயிட்டான். அம்மா மழை விட்ட மறுநாள் காலையில கோலம் போட வெளிய வர்றப்ப பைப்ப ஒரு தட்டு தட்டிட்டுப் போறாங்க, டங்குன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, டொப்புன்னு கேட்டா என்னைய எழுப்புவாங்க.